பிக் அண்ட் ரோல்: பின்காவலரின் காலை வாசிப்பது எப்படி

கொழும்பு பம்பலப்பிட்டியில் நாங்கள் மாலையில் விளையாடும் கூடைப்பந்துக் கோர்ட்டில் இந்தக் காட்சி கிழமைக்கு நாலு தடவையாவது வரும். கார்ட் வளையத்திலிருந்து தள்ளி, மேலே பந்தோடு நிற்பார். உயரமான தம்பி ஒருவர் ஓடிவந்து, கார்டை மறிப்பவரின் வழியில் அசையாமல் நின்று ஸ்க்ரீன் போடுவார். கார்ட் அதைச் சுற்றிப் பாய்வார். மூன்று தடவை பந்தைத் தட்டி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவரை மறித்துவிடுவார்கள், பந்து யாருடைய காலிலோ பட்டு வெளியே போகும். ஸ்க்ரீன் போட்ட தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நான் ஸ்க்ரீன் சரியாத்தானே போட்டேன்?" என்று கேட்பார்.

சரியாகத்தான் போட்டிருப்பார். கார்டும் சரி, ஸ்க்ரீன் போட்டவரும் சரி, ஒருவரும் எதிராளியைப் பார்க்கவில்லை, அதுதான் பிழை. ஸ்க்ரீனை ஒரு ஓட்டப்பாதையாக நினைத்துக்கொண்டு, வரைந்து வைத்த கோட்டில் இருவரும் ஓடுகிறார்கள். ஸ்க்ரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பி இறங்குவதுதான் ரோல், இரண்டும் சேர்ந்தது பிக் அண்ட் ரோல். ஆனால் பிக் அண்ட் ரோலில் அடுத்து என்ன செய்வது என்பதை எதிராளி ஒருவர்தான் காட்டித்தருகிறார். அவரை எப்போது, எங்கே பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பந்து வைத்திருப்பவர் கார்ட். ஸ்க்ரீன் போடுபவர் ஸ்க்ரீனர். கார்டை மறித்து நிற்பவரைப் பந்துக்காவலர் என்கிறேன். ஸ்க்ரீனரைக் காப்பவர் பின்காவலர். தூரத்து மூலையிலிருந்து உதவிக்கு வருபவர் மூன்றாமவர். கட்டுரை முழுவதும் இந்தப் பெயர்கள்தான்.

இடத்தைத் தயார் செய்வது

சர்வதேச விதிப்படி கோர்ட் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். த்ரீ பொயின்ட் கோடு வளையத்திலிருந்து 6.75 மீற்றர். ஸ்க்ரீனை இந்தக் கோட்டுக்கு ஒரு அடி வெளியே, நடுவுக்குச் சற்று வலப்பக்கமாகப் போடுங்கள். இன்னும் உள்ளே, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் போட்டால் பின்காவலர் வளையத்தையும் கார்டையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். மேலே போட்டால் அவர் முன்னால் வருவதா பின்னால் நிற்பதா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். அந்த முடிவுதான் நமக்கு வேண்டியது.

மற்ற மூவரில் இருவர் இரண்டு மூலைகளிலும், ஒருவர் வலது மூலைக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட வலது விங்கிலும் நிற்கட்டும். கார்ட் வலமிருந்து இடமாக வரப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இடது மூலை பந்து வரும் பக்கம், வலது பக்கம் பந்து விட்டுப்போகும் பக்கம். மூலையில் நிற்பவர்கள் பொறுமையில்லாமல் உள்ளே வருவதுதான் நம்மிடம் உள்ள பெரிய பிரச்சினை. அவர் இரண்டடி உள்ளே வந்தால் அவரைக் காப்பவரும் இரண்டடி உள்ளே வருவார். NBA-யில் காவலர் யாரையும் காக்காமல் வளையத்தின் முன்னுள்ள கட்டமான பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. சர்வதேச விதியில் அந்தத் தடை இல்லை, விரும்பிய நேரம் நிற்கலாம். ஆகவே காவலரைப் பெயின்ட்டிலிருந்து வெளியே இழுக்கக்கூடியது மூலையில் ஷொட் போடத் தயாராக நிற்கும் உங்கள் ஆள் மட்டும்தான். இணையத்தில் NBA காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் தம்பிமார் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

ஸ்க்ரீன் போடுவது

ஸ்க்ரீனர் ஓடிவர வேண்டும், நடந்து வரக்கூடாது. பலம் காட்டுவதற்காக இல்லை. நீங்கள் வேகமாக மேலே வந்தால் பின்காவலர் ஓரடி பிந்தித்தான் வருவார். அந்த ஓரடிதான் பின்னால் கார்டுக்குக் கிடைக்கும் இடைவெளி.

வந்ததும் நின்றுவிடுங்கள். இரண்டு பாதமும் தரையில், தோளைவிடக் கொஞ்சம் அகலமாக. கைகள் நெஞ்சோடு அல்லது இடுப்புக்குக் கீழே உடம்போடு. உங்கள் நெஞ்சின் நடுப்பகுதி பந்துக்காவலரின் இடுப்பெலும்புக்கு நேரே இருக்கட்டும். விதி சொல்வது இவ்வளவுதான்: மோதும் நேரத்தில் நீங்கள் அசையக்கூடாது. நிற்கும் காவலரின் பார்வைக்குள், அதாவது முன்னாலோ பக்கவாட்டிலோ போடுவதானால், தொடாமல் எவ்வளவு நெருக்கமாகவும் போடலாம். அவர் பார்க்காத பின்பக்கத்தில் போட்டால் அவருக்கு ஒரு சாதாரண எட்டு வைக்கும் அளவு இடம் விடவேண்டும். அவர் ஓடிக்கொண்டிருந்தால், நின்றுகொள்ளவோ திசை மாறவோ ஒன்று முதல் இரண்டு எட்டு வரை இடம் தேவை.

முதுகு எங்கே பார்க்கிறதோ பந்து அங்கே போகும் என்று தம்பிமாருக்குச் சொல்வேன். ஸ்க்ரீனரின் முதுகு பக்கக்கோட்டைப் பார்த்தால் கார்ட் பக்கக்கோட்டை நோக்கித்தான் ஓடவேண்டி வரும். முதுகு ஃப்ரீ த்ரோ கோட்டின் இடது முனையைப் பார்த்தால் கார்ட் வளையத்தை நோக்கி இறங்கலாம். பாதத்தை ஒரு முப்பது பாகை திருப்பி வைப்பதுதான் வேலை. ஆனால் முழு ஆட்டமும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

கார்டின் பங்கு இரண்டு. ஒன்று, காத்திருப்பது. ஸ்க்ரீனரின் பாதங்கள் நின்ற பிறகுதான் கிளம்ப வேண்டும். நகரும் ஸ்க்ரீன் என்று நடுவர் விசில் ஊதினால் எல்லோரும் ஸ்க்ரீனரைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை அந்தப் பவுல்களில் பாதிக்கு மேல் கார்டின் அவசரத்தால் வந்தவை. அவர் முந்திக் கிளம்ப, ஸ்க்ரீனர் அவரைக் காப்பாற்ற இடுப்பை நீட்டுகிறார். இரண்டாவது, உரசிக்கொண்டு போவது. முதலில் எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டிக் காவலரை நகர்த்துங்கள். பிறகு உங்கள் தோள் ஸ்க்ரீனரின் இடுப்பைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். இடையில் ஒரு மெல்லிய ஆள் நுழைய இடம் இருந்தாலும் ஸ்க்ரீன் போட்டது வீண்.

முதல் வாசிப்பு: பந்துக்காவலர் எந்த வழியால் வருகிறார்

கார்டின் தோள் ஸ்க்ரீனரைத் தொடுமுன்பே தெரிந்துவிடும் விஷயம் இது. பந்துக்காவலர் ஸ்க்ரீனுக்கு மேலால், அதாவது கார்டின் பின்னாலேயே துரத்தி வருகிறாரா? இல்லை, கீழால், ஸ்க்ரீனருக்கும் வளையத்துக்கும் இடையில் நுழைந்து குறுக்கு வழியில் வருகிறாரா?

கீழால் வந்தால் கார்டின் முன்னே ஒரு நொடி யாரும் இல்லை. ஷொட் தெரிந்தவர் ஸ்க்ரீனருக்குப் பின்னால் நின்று போட்டுவிடலாம். ஆனால் கடற்கரைப் பக்கத்துத் திறந்தவெளிக் கோர்ட்டில் பின்னேரக் காற்றில் த்ரீ பொயின்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உள்ளரங்க ஷொட் இல்லை. அதனால்தான் இங்கே அநேகமாக எல்லாக் காவலரும் கீழால் வருகிறார்கள். இதற்கு மறுபடி ஸ்க்ரீன் போடுவதே நல்ல பதில். கீழால் வந்தவர் மறுபக்கத்தில் கார்டைச் சந்திப்பார். அப்போது ஸ்க்ரீனர் ரோல் செய்யாமல் ஒரு மீற்றர் கீழே இறங்கி, மறுபக்கம் திரும்பி, அதே காவலருக்கு இன்னொரு ஸ்க்ரீன் போடவேண்டும். கார்ட் வந்த வழியே திரும்புவார். இப்போது காவலர் மீண்டும் கீழால் போனால் கார்ட் 5 மீற்றரில் தனியாக நிற்பார். அந்த ஷொட்டைக் காற்று அவ்வளவு கெடுக்காது. ஆகவே இரண்டாம் தடவை அவர் மேலால்தான் துரத்த வேண்டி வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டாம் வாசிப்பு: பின்காவலர் எங்கே நிற்கிறார்

பந்துக்காவலர் மேலால் துரத்தினால், ஒரு சில விநாடிகளுக்கு அவர் ஆட்டத்தில் இல்லை. பின்காவலர் ஒருவரே இரண்டு பேரைப் பார்க்கவேண்டும். கார்டின் தோள் ஸ்க்ரீனரின் இடுப்பைக் கடக்கும் அந்தக் கணத்தில் கார்டின் கண் பின்காவலரின் பாதங்களில் இருக்கவேண்டும். முகத்தையோ கைகளையோ நம்பாதீர்கள். கையை ஆட்டி ஏமாற்றலாம். ஊன்றிய காலை வைத்து ஏமாற்றுவது கடினம்.

அவர் நிற்கும் விதம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ குதிகால் பின்னோக்கி நகர நின்றால், அது ட்ரொப். ஸ்க்ரீனரின் மட்டத்துக்கு மேலே வந்து, பெருவிரல் பக்கக்கோட்டைப் பார்க்கக் கார்டின் வழியில் பாய்ந்தால், அது ஹெட்ஜ். கார்டையே தன் ஆளாக எடுத்துக்கொண்டு, பந்துக்காவலர் ஸ்க்ரீனரிடம் தங்கிவிட்டால், அது ஸ்விட்ச்.

ஸ்விட்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்க்ரீனரின் முதுகில் இப்போது ஒரு குட்டைக் காவலர் இருக்கிறார். ஸ்க்ரீனர் அவரை உடனே முதுகால் அடைத்துக்கொண்டு வளையத்தின் முன் கையை உயர்த்த வேண்டும். கார்ட் இரண்டு தட்டுப் பின்வாங்கி உயரமானவரை வெளியே இழுத்து, மேலால் பந்தைப் போடவேண்டும். பெயின்ட்டுக்குள் தாக்கும் அணிக்கு மூன்று விநாடிதான். கார்ட் தன் எதிரில் உள்ள உயரமானவரை ஏமாற்றிக் காட்ட ஆசைப்பட்டால் அந்த நேரம் போய்விடும். விவரமாகப் பேச வேண்டியவை மற்ற இரண்டும்.

ட்ரொப்: மெதுவாகப் போவதுதான் வேலை

ட்ரொப்பில் பெரும்பாலான கார்டுகள் செய்யும் பிழை வேகம். ஸ்க்ரீனைத் தாண்டியதும் வெளி தெரிகிறது, பாய்கிறார்கள். பாய்ந்தால் பின்காவலர் வளையத்தடியில் காத்திருப்பார். ஸ்க்ரீனர் இன்னும் மேலேயே இருப்பார். இரண்டுக்கு ஒன்றாக இருந்தது ஒன்றுக்கு ஒன்றாகிவிடும், அதுவும் உயரமானவருக்கு எதிராக.

ஸ்க்ரீனைத் தாண்டியதும் செய்யவேண்டியது துரத்தி வரும் பந்துக்காவலரை உங்கள் முதுகில் வைத்துக்கொள்வது. அவரது ஓடுபாதைக்குக் குறுக்கே ஒரு எட்டு வைத்து அவருக்கு நேர் முன்னால் வந்துவிட்டு, வேகத்தைக் குறையுங்கள். அவர் உங்களைத் தாண்டப் பார்த்தால் மோதவேண்டும், மோதினால் அவருடைய பவுல். அவர் அங்கே இருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. இப்போது பின்காவலரை நோக்கி நடையோடு நடையாகப் போங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டை அடையும்போது அவர் ஏதாவது ஒன்றைச் செய்தே ஆகவேண்டும்.

அவருடைய முன்கால் உங்களை நோக்கி வந்து ஊன்றினால், பந்து ஸ்க்ரீனருக்கு. தட்டிக்கொண்டிருக்கும் அதே கையால், பந்தை இரு கையிலும் எடுக்காமல், அவர் காலுக்கும் துரத்துபவருக்கும் நடுவில் ஒரு பவுன்ஸ். இதைத்தான் பொக்கெட் பாஸ் என்கிறார்கள். கால் ஊன்றிய பின் அவர் கையை மட்டும்தான் நீட்ட முடியும், பந்து கைக்குக் கீழால் போய்விடும். இரு கையிலும் எடுத்தீர்களானால் அந்த அரை நொடியில் பின்னால் இருப்பவர் வந்து சேர்வார். அதற்கு மாறாக பின்காவலரின் குதிகால் மேலும் பின்வாங்கி, இடுப்பு ஸ்க்ரீனர் பக்கம் திரும்பினால், ஷொட் உங்களுடையது. ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று போடலாம், இன்னும் ஓரடி போய் உயரமாக ஃப்ளோட்டர் போடலாம்.

ஸ்க்ரீனருக்கும் இங்கே வாசிப்பு உண்டு. இதைத்தான் நாம் கற்றுக்கொடுக்க மறக்கிறோம். "போட்டுட்டு ரோல் பண்ணு" என்று சொல்லிவிட்டு விடுகிறோம். கார்டின் இடுப்பு உங்களைத் தாண்டியதும், வளையத்துக்கு அருகில் இருக்கும் காலை ஊன்றி, பந்து போகும் பக்கமாக நெஞ்சைத் திறந்து திரும்புங்கள். இப்படித் திரும்பினால் பந்து கண்ணைவிட்டு மறையாது, பந்துக்காவலரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். பிறகு உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி: நானும் கார்டும் பின்காவலரும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறோமா? இருந்தால் ஒரு காவலர் இருவரையும் காத்துவிடுவார். கார்டுக்கும் உங்களுக்கும் இரண்டரை, மூன்று மீற்றர் அகலம் வரும்படி சரிவாக இறங்குங்கள். கைகள் இடுப்பு உயரத்தில், விரல் விரிந்து, பந்தை எதிர்பார்த்து இருக்கட்டும். வளையத்தடிக்கு விழுந்தடித்து ஓடவேண்டாம். கார்ட் மெதுவாக வரும்போது நீங்களும் அந்த வேகத்தில்தான் இறங்கவேண்டும். பின்காவலரின் இடுப்பு கார்டின் பக்கம் திரும்பும் கணம்தான் உங்களுக்கு வேகம் எடுக்கும் கணம்.

கார்டுக்கு நடுத்தூர ஷொட்டே இல்லையென்றால் இது அவ்வளவாக வேலை செய்யாது. பின்காவலர் கடைசிவரை பின்னாலேயே நிற்பார். அப்படியானால் ஸ்க்ரீனர் ரோல் செய்யாமல் த்ரீ பொயின்ட் கோட்டுப் பக்கம் பின்வாங்கிப் பந்தை வாங்கலாம். அதற்குப் பொப் என்று பெயர். ஸ்க்ரீனராவது ஷொட் போடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இருவருக்கும் இல்லையென்றால் வேறு ஆட்டம் ஆடுவதே நல்லது.

ஹெட்ஜ்: பந்தை எடுக்காதீர்கள், பின்வாங்குங்கள்

கொழும்பில் பாடசாலை அணிகளுக்கு எதிராக ஆடும்போது நாங்கள் அதிகம் சந்தித்தது ஹெட்ஜ். இளம் கால்கள், ஆரவாரம், இரண்டு பேர் பாய்ந்து மறித்தால் கார்ட் பதறுவார். பதறியவர் முதலில் செய்வது பந்தை இரு கையிலும் எடுப்பது. அதோடு முடிந்தது.

பின்காவலர் உங்கள் வழியில் பாய்ந்ததும் இரண்டு தட்டுப் பின்வாங்குங்கள், நடுக்கோட்டை நோக்கி. நடுக்கோட்டைத் தொட்டுவிடக்கூடாது, அது வேறு விசில். நீங்கள் பின்வாங்கினால் அவர் இன்னும் முன்னே வருவார், அல்லது தன் ஆளை நோக்கித் திரும்பி ஓடுவார். திரும்பி ஓடினால் அவர் முதுகு உங்களைப் பார்க்கிறது, அப்போது நீங்கள் தாக்கலாம். முன்னே வந்தால் பந்தில் இரண்டு பேர். மீதி மூன்று காவலர், நம் பக்கம் நாலு பேர்.

ஸ்க்ரீனர் இங்கே வளையத்தடிக்கு ஓடவே கூடாது. ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் நின்று கையை உயர்த்துங்கள். இதைக் குறு ரோல் என்று எங்களுக்குள் சொல்வோம். கார்டிடமிருந்து நேர் பாஸ் வர இரண்டு காவலரின் கைகள் மறிக்கும். ஆகவே பந்து முதலில் வலது விங்கில் நிற்பவருக்குப் போகட்டும், அவர் அங்கிருந்து ஸ்க்ரீனருக்குப் போடட்டும். இரண்டு பாஸ், ஒரு முக்கோணம். மறித்த இருவரும் திரும்பி வருவதற்குள் பந்து ஃப்ரீ த்ரோ கோட்டில் இருக்கும்.

பின்காவலர் ஸ்க்ரீன் விழுமுன்பே மேலே பாயத் தொடங்குகிறார் என்று தெரிந்தால், ஸ்க்ரீனர் ஸ்க்ரீனே போடாமல் நழுவி வளையத்துக்குப் போய்விடலாம். இதற்கான அடையாளம், பின்காவலர் உங்களுக்குப் பக்கத்தில் வராமல் உங்களுக்கு மேலே, கார்ட் பக்கமாகவே கண்ணை வைத்துக்கொண்டு வருவது. இந்த நழுவலில் ஒரு வசதி உண்டு. நீங்கள் நின்று மோதவே இல்லை, ஆகவே நகரும் ஸ்க்ரீன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாமவர்

இருவரும் சரியாக வாசித்தாலும் ரோல் செய்தவர் பந்தை வாங்கித் திரும்பும்போது யாரோ ஒருவர் வந்து நெஞ்சில் மோதுவார். அவர்தான் மூன்றாமவர், பந்து விட்டுப்போன பக்கத்து மூலையைக் காப்பவர். நம் உதாரணத்தில் வலது மூலை. அவரைக் கார்ட் ஸ்க்ரீனுக்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருக்க வேண்டும். பின்னர் ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒரு ஓரப்பார்வை போதும். அவருடைய இரண்டு காலும் பெயின்ட்டுக்குள் வந்துவிட்டால் வலது மூலையில் நம் ஆள் தனியாக நிற்கிறார். அந்தப் பாஸ் நீளமானது, தோள் உயரத்துக்கு மேலால் போகவேண்டும். கார்டுக்கு அது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பந்தை வாங்கிய ஸ்க்ரீனர் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் மூலைக்குத் திருப்பலாம். ஸ்க்ரீனருக்கு அது நாலு, ஐந்து மீற்றர் பாஸ்தான்.

ஒரு மாலை, மூன்று தாக்குதல்கள்

அண்மையில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கார்டாக ஒரு பதினேழு வயதுத் தம்பி. ஸ்க்ரீனர் அவரைவிட ஒரு தலை உயரம். எதிரணியின் பின்காவலர் பழக்கமான ஆட்டக்காரர், கனத்த உடம்பு, ட்ரொப்பில் நிற்பவர்.

முதல் தாக்குதலில் கார்ட் ஸ்க்ரீனை நன்றாகவே உரசிக்கொண்டு வந்தார். பந்துக்காவலர் மேலால் துரத்தினார். கார்ட் நேரே வளையத்துக்குப் பாய்ந்தார். பின்காவலர் இரண்டு எட்டுப் பின்வாங்கி, கையை உயர்த்தினார், லே-அப் தட்டுப்பட்டது. பந்தை எடுத்து அவர்கள் ஓடியபோது எங்கள் ஸ்க்ரீனர் இன்னும் த்ரீ பொயின்ட் கோட்டிலேயே நின்றிருந்தார்.

ஓய்வில் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ தாண்டினபோது அவர் கால் எங்கே இருந்தது?" அவர் யோசித்துவிட்டு, "பார்க்கல்ல அண்ணா. கையைத்தான் பார்த்தேன்" என்றார்.

இரண்டாம் தடவை அவர் ஸ்க்ரீனைத் தாண்டி, ஒரு எட்டுக் குறுக்கே வைத்து, பந்துக்காவலரை முதுகில் ஏற்றிக்கொண்டார். வேகம் பாதியாகக் குறைந்தது. ஸ்க்ரீனர் இந்த முறை நெஞ்சைத் திறந்து வலப்பக்கமாகச் சரிந்து இறங்கினார். ஃப்ரீ த்ரோ கோட்டில் பின்காவலரின் குதிகால் பின்னால் போனது, இடுப்பு ஸ்க்ரீனரைப் பார்த்தது. கார்ட் நின்று ஷொட் போட்டார். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஆனாலும் நான் கைதட்டினேன், ஏனென்றால் வாசிப்பு சரி.

மூன்றாம் தடவை அதே தொடக்கம். அந்த ஷொட் பின்காவலருக்கு ஞாபகம் இருந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டில் கார்ட் வேகத்தைக் குறைத்ததும் அவர் இடது காலை முன்னே ஊன்றினார். தம்பியின் கை அப்போதே கீழே போய்விட்டது. ஒரு பவுன்ஸ், ஸ்க்ரீனரின் இடுப்பு உயரத்தில் வந்து சேர்ந்தது. வலது மூலையைக் காத்தவர் உள்ளே பாய்ந்தார். ஸ்க்ரீனர் நெஞ்சில் மோதல் வருமுன் மூலைக்குத் திருப்பினார். அங்கே எங்கள் ஆள் தனியாக நின்று போட்டார், உள்ளே போனது.

தவறிய அந்த ஷொட் இல்லாவிட்டால் இந்தக் கூடை இல்லை. பின்காவலரை முன்னே இழுப்பது முந்தின தடவை கார்ட் போடத் துணிந்த ஷொட்தான். NBA-யின் யூட்டா ஜாஸ் அணியில் ஜோன் ஸ்டொக்டனும் கார்ல் மலோனும் 1985 முதல் 2003 வரை இதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். என்ன வரப்போகிறது என்று எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்தும் ஸ்டொக்டன் 15,806 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், கொடுத்தார். தெரிந்திருந்தாலும் பின்காவலர் இரண்டில் ஒன்றைத்தான் மறிக்க முடியும்.

பயிற்சி எப்படிச் செய்வது

இரண்டுக்கு இரண்டு ஆடுங்கள், மூலையில் ஒரு தாக்குபவரும் அவரைக் காப்பவரும் கூடுதலாக. ஒவ்வொரு முறையும் பின்காவலருக்கு மட்டும் கோச் பின்னால் நின்று விரலால் காட்டுவார்: ஒரு விரல் ட்ரொப், இரண்டு விரல் ஹெட்ஜ், மூன்று விரல் ஸ்விட்ச். கார்டுக்கும் ஸ்க்ரீனருக்கும் அது தெரியக்கூடாது. பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் கால் சோர்ந்துவிடும், வாசிப்பும் சோர்ந்துவிடும். கூடை விழுந்ததா என்று எண்ணாதீர்கள். கார்ட் எடுத்த முடிவு பின்காவலரின் காலுக்குப் பொருத்தமா என்று எண்ணுங்கள். இருபதில் எத்தனை சரி என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் பின்காவலர் காட்டிய விரலுக்கு உண்மையாக நடக்கட்டும். இரண்டாம் வாரம் ஏமாற்ற விடுங்கள்: ஹெட்ஜ் செய்வதுபோல ஓரடி வந்துவிட்டுப் பின்வாங்கலாம். அப்போது கார்டின் எண்ணிக்கை விழும். கவலைப்படவேண்டாம், அவர் இப்போதுதான் கையையும் காலையும் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்.

ஒருவர் கைத்தொலைபேசியால் பக்கக்கோட்டிலிருந்து அல்லாமல் நடுக்கோட்டின் பின்னாலிருந்து, கொஞ்சம் உயரத்தில் நின்று படம் எடுக்கட்டும். பக்கத்திலிருந்து எடுத்தால் மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா என்று தெரியாது. பார்க்கும்போது கார்டின் தோள் ஸ்க்ரீனரின் இடுப்பைக் கடக்கும் இடத்தில் நிறுத்தி, இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இப்போது பந்து எங்கே போகவேண்டும்? பதில்கள் வேறுபட்டால், அடுத்த நாள் மழை பெய்து கோர்ட் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடாமல் நடந்தே அந்த இடத்தை மறுபடி செய்துபார்க்கச் சொல்லுங்கள்.